கார்த்தியத் தேடுன ராத்திரி – அம்மிணிக்கு அப்பா எழுதறது

அம்மிணி,

நேத்து போன்ல கேட்டியே, உன்ற ரூம்ல இருக்கற புள்ளையோட தம்பிய யாரோ போலீஸ்னு சொல்லி கூட்டிட்டுப் போயிட்டாங்க, எங்க தேடறதுன்னே தெரியாம அந்தப் புள்ள ராத்திரி பூரா அழுதுட்டு இருந்துச்சுன்னு. நம்ம பெரியப்பன் பையன் கார்த்திய போன வருசம் கண்டுபிடிச்ச கதைய அரையும் குறையுமாத்தான் உனக்கு சொல்லியிருக்கேன். அதனால பொறுமையா உக்காந்து எழுதறேன், அந்தப் புள்ளைக்கும் படிச்சுக் காட்டு.

அன்னைக்கு சனிக்கிழமை. திருப்பூர்ல கம்பெனி விட்டு வந்து டீக்கடைல நின்னவன ஏழரை மணிக்கு நாலு பேரு மப்டில வந்து வண்டில ஏத்திட்டாங்க. கூட இருந்த பையன் பெரியம்மாளுக்கு போன் பண்ணிட்டான். உங்க பெரியப்பா நேரா பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனாரு, அங்க "அப்படி யாரும் இங்க வரலைங்க"ன்னுட்டாங்க. அதையும் நம்பாம பதினொரு மணி வரைக்கும் வாசல்லயே நின்னிருக்காரு, எனக்கு போன் வந்தப்ப மூணரை மணி நேரம் போயிருச்சு. அந்த ஸ்டேஷன் பொய்யே சொல்லல, அவன அங்க நெசமாவே கொண்டு போகல. புடிச்ச எடத்து ஸ்டேஷன்லதான் வெச்சிருப்பாங்கன்னு நெனச்சதுதான் நம்ம தப்பு.

நான் பெருந்துறை வக்கீலுக்கு அடிச்சேன். அவரு எடுத்ததும் கேட்டது, "யாரு கூட அவனுக்கு வம்பு, யாரு புகார் குடுத்திருப்பா?" ஆளத் தேடாதீங்க, கேஸத் தேடுங்க, எந்த ஊர்ல புகாரோ அந்த ஊர் ஸ்டேஷன்தான் ஆளத் தூக்கியிருக்கும்னாரு. அப்பத்தான் பெரியம்மாளுக்கு ஞாபகம் வந்துச்சு, கார்த்தி முந்தி ஈரோடு பக்கம் ஒரு நூல் குடோன்ல வேலை செஞ்சான், அங்க சரக்கு கொறையுதுன்னு சண்ட வந்துதான் நின்னான். அப்படின்னா ஜில்லாவே வேற. திருப்பூர்ல கமிஷனர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூம் தனி, ரூரலுக்கு எஸ்.பி. ஆபீஸ் கண்ட்ரோல் ரூம் தனி, ஈரோட்டுக்கு அதுக்கொன்னு, ஒன்னுல இல்லைன்னா இன்னொன்னுலயும் இல்லைன்னு அர்த்தம் இல்ல கண்ணு. அரெஸ்ட் பண்ணுனவங்க பேரு ஜில்லா கண்ட்ரோல் ரூம்ல இருக்கோணும்னு சட்டமே சொல்லுது, ஆனா அரெஸ்ட்னு எழுதுனாத்தானே அங்க பேரு வரும். எழுதாம "விசாரணைக்கு"ன்னு உக்கார வெச்சிருந்தா எங்கயும் இருக்காது. மூணு எடத்துக்கும் அடிச்சோம், மூணுலயும் இல்லைன்னாங்க.

வக்கீல் பன்னண்டு மணிக்கு ஒரு வேலை செய்யச் சொன்னாரு. முந்தியெல்லாம் இந்த மாதிரி ஆச்சுன்னா வக்கீலுங்க தந்தி அடிப்பாங்க, தந்தில தேதியும் நேரமும் இருக்குமல்ல, அத போலீஸ்காரங்க மாத்த முடியாது. 2013ல தந்திய நிறுத்திட்டாங்க, இப்ப அதுக்குப் பதிலா ஈமெயில். ரெண்டு எஸ்.பி.க்கும் கமிஷனருக்கும் அனுப்புனோம். பெருசா ஒன்னும் எழுதல: "என் மகன் இன்னார், வயசு 24, சனிக்கிழமை இரவு 7.30க்கு இந்த எடத்துல சீருடை இல்லாத நாலு பேர் இந்த நம்பர் வண்டியில் அழைத்துச் சென்றார்கள். எங்கே இருக்கிறார், என்ன வழக்கு என்று எங்களுக்குத் தெரிவிக்கவில்லை." அவ்வளவுதான். கோவத்தக் காட்டல, நேரமும் எடமும் தெளிவா இருந்தாப் போதும்னாரு.

ஒன்றரை மணிக்கு அந்த குடோன் எந்த ஸ்டேஷன் லிமிட்டோ அங்க போய் எறங்குனோம். ரைட்டர் மொதல்ல இல்லைன்னாரு. பக்கத்துப் படில அவன் செருப்புக் கெடந்துச்சு அம்மிணி, ஒரு வாரு அறுந்து கறுப்பு நூல்ல தெச்சது, உங்க பெரியம்மா தெச்ச தையல். பெரியப்பா அதப் பாத்துட்டு சத்தம் போடப் போனாரு, நான் கையப் புடிச்சுட்டேன். வக்கீல் போன்ல இருந்தாரு, ரைட்டர்கிட்ட குடுத்தேன். அப்புறந்தான் "விசாரணைக்குத்தானுங்க, காலைல அனுப்பிடுவோம்"னாங்க. நடுவுல ஒருத்தன் வந்து இருவதாயிரம் குடுத்தா இப்பவே வெளிய வந்துரலாம்னு காதக் கடிச்சான். குடுக்கல. அந்த மாதிரி ஆளுக்கிட்டக் குடுத்தா பணமும் போயி விடியக்கால ரிமாண்டும் ஆயிரும்.

காலைல எட்டு மணிக்கு அரெஸ்ட் மெமோன்னு ஒரு பேப்பர நீட்டி பெரியப்பாவ கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னா, காலை 6.30க்கு பஸ் ஸ்டாண்டுல வெச்சுப் புடிச்சாங்களாம். இதுதான் நீ நல்லாப் புரிஞ்சுக்கோணும். புடிச்ச நேரத்துலருந்து 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு போகோணும், வழிப்பயண நேரம் மட்டும் கழிச்சுக்கலாம். ஏழரைல இருந்துன்னா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள கணக்கு முடியுது, ஆறரைன்னு எழுதுனா திங்கக்கிழமை விடிய வரைக்கும் அவங்க கையில இருப்பான். வக்கீல் சொன்ன மாதிரி பெரியப்பா கையெழுத்துக்குப் பக்கத்துலயே "எனக்குக் காட்டிய நேரம் ஞாயிறு காலை 8.05, மகனை அழைத்துச் சென்றது சனி இரவு 7.30"ன்னு எழுதிட்டுத்தான் போட்டாரு. மூஞ்சியச் சுளிச்சாங்க, ஆனா வாங்கிக்கிட்டாங்க. நானா இருந்தா அந்த அவசரத்துல படிக்காமயே போட்டிருப்பேன்.

ஞாயித்துக்கிழமை கோர்ட்டு இருக்காதுன்னு சும்மா இருந்துராத. லீவு நாள்ல மாஜிஸ்திரேட் வீட்டுலயே ரிமாண்ட் நடக்கும். அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டக் காட்டோணும், பெரும்பாலும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், அதனால வீட்டாளு ஒருத்தர் ஜி.எச். வாசல்ல நின்னா ஆள ஒருவாட்டி கண்ணுல பாத்துரலாம். அங்க வெச்சுத்தான் உங்க பெரியம்மா அவன்கிட்ட சொன்னா, "அடிச்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காத சாமி"ன்னு. வலது தோள்ல வீக்கம் இருந்துச்சு, அது சீட்டுல ஏறிருச்சு.

வக்கீல பாத்தா, அந்தக் கோர்ட்டுலயே பழகுன ஆளாப் பாக்கோணும், பெரிய ஊர்ல இருக்கற பேர் போன வக்கீல் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலுக்கு வந்து நிக்கப் போறதில்ல. நம்ம வக்கீல் வக்காலத்து ஃபாரத்த ரெடியாக் கொண்டாந்து அங்கயே கார்த்திகிட்ட கையெழுத்து வாங்குனாரு. அங்க முடியலைன்னா ஜெயில்ல சூப்பிரண்டு மூலமா வாங்கோணும், அதுல ஒரு நாள் போயிரும். உள்ள போனதும் ராத்திரி ஈமெயில், மெமோல இருந்த ரெண்டு நேரம், தோள் வீக்கம் மூணயும் சொன்னாரு, மாஜிஸ்திரேட் கார்த்தியக் கூப்புட்டு நேராக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அன்னைக்கே விட்டுருவாங்கன்னு நெனச்சுக்காத, ரிமாண்ட் ஆச்சுதான், ஒன்பதாம் நாள்தான் ஜாமீன் கெடச்சுது. ஆனா அன்னைக்கு எழுதிக்கிட்டதுதான் ஜாமீனுக்கு ஒதவுச்சு.

காசு இல்லைன்னு அந்தப் புள்ள கலங்க வேண்டாம். கஸ்டடில இருக்கற யாருக்கும் வருமானமே பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100க்கு அடிச்சா சட்டப் பணிகள் ஆணைக்குழு எடுப்பாங்க, ரிமாண்டுக்குன்னே வக்கீல் போட்டு வெச்சிருக்காங்க. தம்பிக்குப் பதினெட்டு ஆகலைன்னா மொதல்ல அதச் சொல்லி ஸ்கூல் சர்டிபிகேட்டக் கொண்டு போகச் சொல்லு, அவன ஜெயிலுக்கே அனுப்பக் கூடாது. 24 மணி நேரமும் தாண்டிப் போச்சு, ஆளே தெரியலைன்னா ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு, நம்ம ஈரோடு, கோவை, திருப்பூர் எல்லாம் சென்னைக்கு, கரூர்னா மதுரைக்கு.

அந்தத் தம்பிக்கு ஏதாவது மாத்திரை உண்டான்னு கேளு. கார்த்திக்கு வீசிங் இருக்கறது உனக்குத் தெரியுமல்ல, இன்ஹேலர ஸ்டேஷன்ல வாங்கவே மாட்டேன்னாங்க, வக்கீல் மாஜிஸ்திரேட்டுகிட்ட கேட்டு ஆர்டர்லயே எழுத வெச்சாரு, அப்புறம் வேன்ல ஏத்தறப்ப போலீஸ்காரரே வாங்கி அவன் பாக்கெட்டுல போட்டுவிட்டாரு. வக்கீல் நம்பர அம்மா போன்லருந்து அனுப்பச் சொல்றேன்.

அப்பா