வசந்தாவுக்கு: படத்துக்குப் பின்னால் இருந்த வரைபடம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோனது நல்லதாகப் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்கிறாயாமே, பாவம்டி அதுகள். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி.

வரைபடம் வைத்து ஒரு சிறுகதை எழுதப்போகிறேன் என்றதும் நீ போட்ட நிபந்தனை நினைவிருக்கிறதா? "புதையல் வேண்டாம், ரகசிய எழுத்து வேண்டாம், கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும்." கதை முடிந்துவிட்டது, கிட்டத்தட்ட. அச்சுக்குப் போகும் முன் நீ ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடு.

பெண்ணின் பெயர் கயல், வயது 13. கொள்ளுத்தாத்தாவின் பழைய புகைப்படம் ஒன்று சுவரில் தொங்குகிறது. சுவரில் ஓதம் ஏறிப் படம் பாழாகிறதே என்று பாட்டி அதைக் கழற்றிக் கயலிடம் கொடுக்கிறாள். பின்பலகையை எடுத்தால், படம் ஒட்டியிருக்கும் அட்டையின் முதுகில் ஊதா நிறக் கோடுகள். ஒரு மூலையில் மூன்று படிகள் மாதிரி சின்னக் குறி, இன்னொரு மூலையில் சதுரக் கல், மூன்றாவதாக ஒரு வட்டம். மூன்றையும் இணைக்கும் கோடுகள் ஒரு முக்கோணம். படிக்கும் கல்லுக்கும் நடுவே 011 என்றும், படிக்கும் வட்டத்துக்கும் நடுவே 08 என்றும், கல்லுக்கும் வட்டத்துக்கும் நடுவே 101 என்றும் எழுதியிருக்கிறது. வேறு ஒரு எழுத்துகூட இல்லை.

படி, வீட்டு வாசல் படிதான். கல், தோட்டத்துக் கோடியில் சாய்ந்து நிற்கும் எல்லைக் கல். இது அவளுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. வட்டம்தான் புரியவில்லை. சரி, எண்களைத் தூரம் என்று வைத்துக்கொள்வோம் என்று 11, 8, 101 என்று படித்துக் காகிதத்தில் வரையப் பார்க்கிறாள். வரவே மாட்டேன் என்கிறது. உனக்குச் சொல்ல வேண்டுமா? இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எட்டும் பதினொன்றும் சேர்ந்து பத்தொன்பதுதான். இப்படி ஒரு முக்கோணம் பூமியில் எங்கும் இருக்க முடியாது. ஆக, வரைந்தவர் தப்பாக எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் இவள் தப்பாகப் படித்திருக்க வேண்டும். இந்த இடத்தில் கயலை ஒரு இரவு முழுக்கத் தவிக்க விட்டிருக்கிறேன். வாசிப்பவர்களும் கொஞ்சம் தவிக்கட்டுமே!

அடுத்த நாள் அவள் எண்களை விட்டுவிட்டு அட்டையைப் பார்க்கிறாள். கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் இதுதான். ஜன்னலை மூடிவிட்டு, டார்ச்சை அட்டையோடு அட்டையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி அடிக்கிறாள். பென்சிலால் அழுத்தி எழுதினால் அட்டையில் பள்ளம் விழும். சாய்வான ஒளியில் அந்தப் பள்ளம் நிழல் காட்டும். இங்கே ஒரு நிழலும் இல்லை, கோடுகளின் மேல் அட்டை வழவழவென்றே இருக்கிறது. அப்புறம் இன்னொன்றையும் கவனிக்கிறாள். ஓதத்தின் கறை எங்கே முடிகிறதோ அங்கேயே ஊதாக் கோடும் முடிகிறது. கல்லிலிருந்து வட்டத்துக்குப் போகும் கோட்டில் பாதியைக் காணவில்லை, ஏனென்றால் அந்தப் பாதி அட்டை நனையவே இல்லை. கையால் வரைந்த கோடு, ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தா நிற்கும்?

அந்த நாளில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது, உனக்கு ஞாபகம் வரலாம். 1870களில் வந்தது. கிராஃபைட்டோடு அனிலின் சாயத்தைக் கலந்து செய்திருப்பார்கள். காய்ந்த தாளில் எழுதினால் சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறம். ஈரம் பட்டால் பளீரென்று ஊதா. அழிக்க முடியாது என்பதால் கணக்குப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். முனையை நக்கி நக்கி எழுதுபவர்களின் நாக்கும் ஊதாவாகிவிடும். நகல் எடுப்பதற்காகவே பிறந்த பென்சில் அது: எழுதிய தாளின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் சாயம் அதில் ஏறிவிடும். ஏறுவது தலைகீழ் நகல், அதாவது இடது வலது மாறிய நகல். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

கயலின் வீட்டுச் சுவர் அந்த வேலையைத் தானாகவே செய்துவிட்டது. வரைபடத்தை யாரோ தனித் தாளில் வரைந்து, வரைந்த பக்கம் அட்டையைப் பார்த்தபடி சட்டத்துக்குள் செருகியிருக்கிறார்கள். ஓதம் ஏறியதும் சாயம் அட்டைக்குத் தாவிவிட்டது. அட்டை தடிமன், மறுபக்கம் வேறு தாத்தாவின் முகம். ஊடுருவிப் பார்க்க வழியில்லை. கயல் மெல்லிய தாளை மேலே வைத்துப் பிரதி எடுத்து, அந்தத் தாளைத் திருப்பிப் பிடிக்கிறாள். 011 என்பது 110 ஆகிறது, 08 என்பது 80 ஆகிறது. 101 மட்டும் அப்படியே இருக்கிறது. ஒன்றும் எட்டும் பூஜ்யமும் கண்ணாடியில் உருமாறாத எண்கள், படியும் கல்லும் வட்டமும் அப்படித்தான். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு 3 அல்லது 7 இருந்திருந்தால் கதை இரண்டாம் பத்தியிலேயே முடிந்திருக்கும்! முன்னால் நின்ற பூஜ்யங்கள்தான் காட்டிக்கொடுத்தன. தோட்டத்தை அளப்பவர் யாராவது 08 என்று எழுதுவாரா?

80, 101, 110. இப்போது முக்கோணம் ஒழுங்காக மூடுகிறது. ஆனால் 110 என்றால் 110 என்ன? அடியா, கஜமா, மீட்டரா? இதற்கு ஊகம் தேவையில்லை, படியும் கல்லும் இன்றும் இருக்கின்றன. நாடா பிடித்து அளந்தால் 82.5 மீட்டர். 110ஆல் வகுத்தால் 0.75 மீட்டர், அதாவது வளர்ந்த ஒருவர் இயல்பாக எடுத்துவைக்கும் ஒரு எட்டு. அளந்தவர் காலால் அளந்திருக்கிறார். கயல் தன் எட்டு வைத்து 80 எண்ணியிருந்தால் குறைந்த தூரத்திலேயே நின்றுபோயிருப்பாள், அவள் கால் அவ்வளவு நீளம் இல்லை.

இனி வருவதைத்தான் நீ கவனமாகப் பார்க்க வேண்டும். பத்துக் காலடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, 11 செ.மீ. கோடு ஒன்று போட்டு, படி முனையிலிருந்து 8 செ.மீ., கல் முனையிலிருந்து 10.1 செ.மீ. என்று காம்பஸால் வில் வரைகிறாள். வில்கள் ஓரிடத்தில் வெட்டுகின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கமும் வரைந்தால் அங்கேயும் வெட்டும், இல்லையா? மூன்று தூரங்களைக் கொண்டு வட்டம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. பக்கத்தைச் சொல்வது படம் மட்டும்தான். அந்தப் படமோ இடம் வலம் மாறிக் கிடந்தது. எண்களை மட்டும் திருத்திக்கொண்டு அட்டையில் தெரிந்த பக்கத்திலேயே தேடியிருந்தால், அளவெல்லாம் துல்லியமாக இருந்தும், நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நின்றிருப்பாள். கயலின் அண்ணன் அதைத்தான் செய்கிறான். ஒரு நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தும் வேர்தான் மிச்சம்.

காகிதத்தில் அளந்தால், படியிலிருந்து கோட்டோடு 3.8 செ.மீ., அங்கிருந்து செங்குத்தாக 7 செ.மீ. தரையில் அது 28.5 மீட்டரும் 52.5 மீட்டரும். செங்குத்துக்குக் கயிற்றில் 3, 4, 5 மீட்டர் முடிச்சுப் போட்டுக்கொள்கிறாள். திருப்பிய பிரதியில் வட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடக்கிறாள். எட்டு வைத்து எண்ணும்போது ஒன்றிரண்டு பிசகத்தான் செய்யும் என்பதால் அவள் ஒரு புள்ளியைத் தேடவில்லை, சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டுத் தேடுகிறாள். இரண்டு வில்களும் நன்றாகக் குறுக்காக வெட்டிக்கொள்வதால் பிழை பெரிதாகப் பெருகாது. படியும் கல்லும் வட்டமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்திருந்தால் வில்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயிருக்கும், எட்டில் சின்னப் பிசகு வந்தாலும் இடம் எங்கோ போய்விடும்.

நடுப்பகலில் அங்கே புல் தவிர ஒன்றும் தெரியவில்லை. அட்டையில் செய்தது நினைவுக்கு வந்து, வெயில் சாயும்வரை காத்திருக்கிறாள். படுத்த வெயிலில் புல்லுக்கு நடுவே ஒரு வளைந்த நிழல். வட்டமாக, லேசாக அமுங்கிய தரை. காலை வைக்கப்போனவளைப் பாட்டி ஒரு சத்தம் போட்டு நிறுத்துகிறாள். கிணற்றைத் தூர்த்தால் போட்ட மண் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும், தரை இப்படித்தான் இறங்கும். பெரியவர்கள் வந்து தள்ளி நின்று கம்பியால் குத்திப் பார்க்க, ஒரு அடி ஆழத்தில் கல் பலகை 'டங்' என்கிறது. மூடிய கிணறு. பின்னால் வருகிறவர் யாரும் தெரியாமல் அதன் மேல் வீடு கட்டிவிடக் கூடாதே என்று கொள்ளுத்தாத்தா அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து அளந்து வைத்திருக்கிறார். நீ கேட்டபடி புதையல் இல்லை, போதுமா?

ஒரே ஒரு சிக்கல். அட்டையில் இருப்பது நகல் என்றால் அசல் தாள் எங்கே போயிற்று? சட்டத்தைத் திறந்து எடுத்தவர் யார்? பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது எடுத்துப் படித்து, பயந்துபோய் அடுப்பில் போட்டுவிட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அவள் கயலைச் சத்தம் போட்டு நிறுத்துவதற்கும் அது பொருந்துகிறது. ஆனால் பாட்டிக்கு இடம் தெரியும் என்றால் இத்தனை வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீயே கேட்பாய். யார் எடுத்தார்கள் என்று சொல்லாமலே விட்டால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. உன் எண்ணம் எப்படி?

உன்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளில் சூட்டிகையானது எது என்று பார்த்து இதைப் படிக்கச் சொல். 8, 11, 101 வருகிற இடத்தில் நிறுத்தி, மேலே படிக்கும் முன் என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுது. பத்து நிமிஷத்துக்குள் பூஜ்யத்தைப் பிடித்துவிட்டால் நான் தடயத்தை இன்னும் கொஞ்சம் மறைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி
ராஜி