மேயர் தேர்தலைவிட ஆணையர் நியமனமே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் எழுந்திருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 1996, 2001, 2011 ஆகிய மூன்று தேர்தல்களில் நாம் அப்படித்தான் வாக்களித்தோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையிலும் ரிப்பன் மாளிகையின் நிர்வாக அதிகாரம் இருந்த இடம் ஒன்றுதான்: மாநகராட்சி ஆணையரின் மேசை. மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார், மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றுகிறது, ஆணையர் அதைச் செயல்படுத்துகிறார். அந்த ஆணையரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பது இதிலேயே முடிவாகிவிடுகிறது.

2022 சொத்து வரி உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் புதிய மேயர் பதவியேற்றார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, உயர்வை மாநில அரசு அறிவித்துவிட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம் என்று விகிதங்கள் கோட்டையிலிருந்தே வந்தன. வரியை உயர்த்தாவிட்டால் மத்திய நிதிக்குழுவின் மானியம் கிடைக்காது என்பது அரசு சொன்ன காரணம். அது நியாயமாகவே இருக்கட்டும். மாமன்றம் பிறகுதான் அதற்குத் தீர்மானம் போட்டது. வாசலில் வந்து கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் மட்டும் வார்டு கவுன்சிலர்.

அதற்கு முந்தைய ஆண்டுகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. அத்தனை காலமும் ஆணையரே தனி அலுவலராகவும் இருந்து மாமன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினார். திட்டத்தை முன்வைப்பவரும் அவரே, தீர்மானத்தை நிறைவேற்றுபவரும் அவரே. அதனால் வேலை எதுவும் நின்றுவிடவில்லை. மாமன்றம் இல்லாமலேயே ஓடக்கூடிய அமைப்பு இது என்பதைத்தான் அது காட்டியது, என்னை உறுத்துவதும் அதுதான்.

நியமிக்கப்பட்ட அதிகாரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரம் 1913-இல் பெருவெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டே அங்கே புதிய ஆட்சிமுறை வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கொண்ட மன்றம் ஒரு நிர்வாகியை வேலைக்கு அமர்த்தியது. முதலில் வந்தவர் ஹென்றி வெயிட் என்ற பொறியாளர். துறைத் தலைவர்களை நியமிப்பதும் அன்றாட நிர்வாகமும் அவர் கையில் இருந்தன, மேயருக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது. அவ்வகையில் அவர் நம் ஆணையரைப் போன்றவர்தான். ஆனால் அவரை அமர்த்துவதும் விலக்குவதும் நகர மன்றம். மக்களிடமிருந்து மன்றத்துக்கும், மன்றத்திடமிருந்து நிர்வாகிக்கும் செல்லும் கயிறு அங்கே அறுபடவில்லை.

நம் நாட்டிலேயே கொல்கத்தா வேறு வழியில் போனது. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் சில கவுன்சிலர்களும் ஓர் அமைச்சரவையைப் போல நகரத்தை நிர்வகிக்கிறார்கள். ஆணையர் உண்டு, ஆனால் மேயரின் மேற்பார்வைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவர். இத்தனைக்கும் கொல்கத்தா மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. நேரடித் தேர்தல் இல்லாமலேயே மேயருக்கு அதிகாரம் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கவுன்சிலர்களிடம் அதிகாரம் போனால் முறைகேடு பெருகும் என்று அஞ்சுவோர் உண்டு. கூலித் தொழிலாளர் வருகைப் பட்டியலில் நடந்த மஸ்டர் ரோல் ஊழலைத் தொடர்ந்து 1973-இல் சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெண்டரில் கை வைக்க வரும் கவுன்சிலரிடம் 'முடியாது' என்று சொல்ல, மேயருக்கு அஞ்சாத அதிகாரி ஒருவர் தேவைதான். ஆனால் அன்று தவறுக்குத் தண்டனையாக, 1996 வரை 23 ஆண்டுகள் இந்த நகரத்துக்கே தேர்தல் இல்லாமல் போனதே, அதை எப்படி ஏற்பது?

மேயர், மாமன்றம், ஆணையர் ஆகியோரின் அதிகாரங்களை வரையறுப்பது மாநிலச் சட்டம். அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, சட்டமன்றம் நினைத்தால் போதும். தகுதியுள்ள மூன்று அதிகாரிகளின் பெயர்களை அரசு அனுப்பட்டும், அவர்களில் ஒருவரை மாமன்றம் தேர்ந்தெடுக்கட்டும். அவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுப் பதவிக்காலம் வேண்டும், இடையில் மாற்றுவதற்கு மாமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். ஆணையரின் ஆண்டு மதிப்பீட்டில் மேயரின் கருத்து கட்டாயம் இடம்பெற வேண்டும். நேரடித் தேர்தல் கேட்டு அறிக்கை விடும் கட்சிகள் இவற்றையும் தங்கள் தேர்தல் வாக்குறுதியில் சேர்க்குமா என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.