மணி அடித்தால் என்ன, நான் முடித்தேனா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. டீச்சரின் பணி நிறைவு விழாவுக்கு உன்னால் வர முடியாமல் போனதில் எல்லோருக்கும் வருத்தம்தான். அவரைக் கேலி செய்து நாங்கள் பேசிய பேச்சைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். அடுத்த மாதம் உன் மகளும் தன் வகுப்பாசிரியைக்கு இதே போல் ஒன்று பேசப்போகிறாள் என்பதால், அவளுக்கு உதவும்படி எழுதிவிடுகிறேன்.

முதல் வேலையாக, வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: டீச்சர் என்றதும் காதில் விழும் வாக்கியம் எது? வந்து குவிந்தவற்றில், ஒரு வகுப்புக்கு மட்டும் தெரிந்த கதைகளை ஒதுக்கிவிட்டோம். எங்கள் மேசை உடைந்த கதை நமக்குப் பெரிய சிரிப்பு. ஆனால் அதைச் சொன்னால் நம் வரிசை மட்டும் சிரிக்கும், மற்ற வரிசைகள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பல தலைமுறைகள் ஒன்றாக அமர்ந்திருக்கும் அரங்கில், எல்லோரும் கேட்டு வளர்ந்த வாக்கியம்தான் எடுபடும். அப்படிக் கடைசியில் நின்றவை மூன்று. உனக்கு நான் நினைவூட்டவே வேண்டாம்: “இந்த மாதிரி ஒரு வகுப்பை என் சர்வீசிலேயே பார்த்ததில்லை”, “தலையாட்டாதே, வாயைத் திறந்து சொல்”, “மணி அடித்தால் என்ன, நான் முடித்தேனா?”

நான்காவதாக ஒன்று பட்டியலில் இருந்தது. மதிப்பெண் குறைந்தவர்களிடம் விடைத்தாளை நீட்டும்போது அவர் சொல்வாரே, அது. பலருக்கு அது வேடிக்கையாகத்தான் நினைவிருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அதிகம் வாங்கிய நம் நண்பன் ஒருவனிடம் வாசித்துக் காட்டியபோது, அவன் சிரிக்கவில்லை. “ஆமாம், சொல்வார்” என்று மட்டும் சொன்னான். அந்த இடத்திலேயே அதை அடித்துவிட்டோம். யாரிடம் சொல்லப்பட்டதோ அவரிடம் கேட்காமல் எந்த வாக்கியத்தையும் மேடை ஏற்றக்கூடாது என்று உன் மகளிடம் கண்டிப்பாகச் சொல். டீச்சரின் உருவம், உடல்நலம், குடும்பம் மூன்றையும் தொடவே இல்லை. கேலிக்கு உரியது அவர் தானாக விரும்பி, தினமும் செய்த பழக்கம் மட்டுமே. முழுப் பேச்சையும் முன்கூட்டியே அவருடைய மகளிடம் படித்துக் காட்டிச் சம்மதமும் வாங்கினோம்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சிரமம். முதல் வரைவில், “டீச்சர் எப்போதும் தலையாட்டாதே, வாயைத் திறந்து சொல் என்பார்” என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்தால் அது செய்தி; சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கும்வரை அதில் வியப்பு ஏதும் இல்லை. அதைத் தூக்கி அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். பிறகு இப்படி மாற்றினோம்: டீச்சர் ஒரு நாள் பல் மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து மெல்லத் தலையாட்டுகிறார். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. “தலையாட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்!” மருத்துவர் பணிவாகச் சொல்கிறார்: “அம்மா, இங்கே வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள்.” முதல் சிரிப்பே டீச்சரிடமிருந்துதான் வந்தது!

அந்தக் கதையில் விளக்கம் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனி. “டீச்சர் வகுப்பில் எங்களிடம் இப்படித்தான் சொல்வார்” என்று ஒரு வரி பின்னால் சேர்த்திருந்தோம். ஒத்திகையில் சிரிப்பு அந்த வரியில் வந்து மடிந்தது. எடுத்துவிட்டோம்.

“இந்த மாதிரி ஒரு வகுப்பை” என்பதற்குக் கதையே தேவைப்படவில்லை. பேசிய பெண், “டீச்சர் தன் சர்வீசிலேயே பார்க்காத அந்த மோசமான வகுப்பு இன்று அரங்கில் இருந்தால் கை தூக்கவும்” என்றாள். ஒவ்வொரு வரிசையாகக் கை எழுந்தது. தலை நரைத்தவர்கள் முதல், இந்த ஆண்டு படிக்கும் பிள்ளைகள்வரை எல்லாக் கைகளும் மேலே. இத்தனை ஆண்டுகளாகத் தங்களை மட்டும்தான் சொன்னார் என்று ஒவ்வொரு வகுப்பும் நம்பிக்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்த நேரத்தில் அரங்கம் அதிர்ந்தது. டீச்சர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

பேசுபவர் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் அதிகம். சிரிப்பு எழுந்ததும் அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போனால் அந்த வரி யார் காதிலும் விழாது, சிரிப்பவர்களும் அடங்கிவிடுவார்கள். அவளைச் சும்மா நிற்கச் சொல்லியிருந்தோம். சிரிப்பு உச்சிக்குப் போய், பாதி இறங்கும்போது வாயைத் திறக்க வேண்டும். முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால் எழுத்து குறைவாக இருப்பது நல்லது. நாங்கள் 500 சொற்களுக்குள் நிறுத்தினோம். பேச்சு, சிரிப்பு, கைத்தட்டல் எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிடம் ஆனது. அதற்கு மேல் போனால் கேலி நச்சரிப்பாகிவிடும் என்பது என் எண்ணம்.

அப்புறம், குரலைப் போலி செய்ய வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். குரலைத் திரித்துப் பேசினால் அது நையாண்டியாகி மனத்தைப் புண்படுத்தக்கூடும். அவருடைய இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டோம். உனக்கு நினைவிருக்கும், “மணி அடித்தால் என்ன” என்று சொல்லிச் சாக்பீசைக் கீழே வைப்பார், கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பார், அதன் பிறகுதான் “நான் முடித்தேனா?” வரும். அந்த இடைவெளியில்தான் வாக்கியத்தின் உயிர் இருக்கிறது.

அதனால் அதைக் கடைசிக்கு வைத்தோம். நடுவில் ஒரு முறை, சாதாரணமாக ஒலிக்கவிட்டோம், காது பழகுவதற்காக. முடிவில் அவள் டீச்சர் பக்கம் திரும்பி, “டீச்சர், உங்களுக்கு ஓய்வு மணி அடித்துவிட்டது என்கிறார்கள். மணி அடித்தால் என்ன...” என்று சொல்லி, மேசைமேல் சாக்பீசை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மீதியை அவள் சொல்லவில்லை. அரங்கமே ஒரே குரலில் சொன்னது. கூட்டம் தானே முடிக்கும்படி பாதி வாக்கியத்தை விட்டுவிடுவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம் இல்லையென்றால் அதைச் செய்யக்கூடாது. நாலு பேர் மட்டும் முணுமுணுத்தால் பேசுபவர் தவித்துப்போவார்.

அதற்குப் பிறகு நன்றி சொல்ல இரண்டே வரிகள்தான் வைத்திருந்தோம். இவ்வளவு நேரம் சிரித்தவர்களுக்கு நீண்ட புகழுரை தேவையில்லை. ஓர் ஆசிரியை சொன்னதை இத்தனை பேர் அட்சரம் பிசகாமல் நினைவில் வைத்திருப்பதைவிடப் பெரிய புகழ் எது?

கடைசிச் சொல் அவருக்கு என்பதிலும் உறுதியாக இருந்தோம். மைக்கைக் கொடுத்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் சொன்னது இதுதான்: “பேச்சில் மூன்று பிழைகள். உட்காருங்கள், சொல்கிறேன்.” நின்று கைதட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சட்டென்று உட்கார்ந்துவிட்டோம்! மூன்று பிழைகளையும் வரிசையாகச் சொன்னார். அதில் ஒன்று, பல் மருத்துவரிடம் தான் போனதே இல்லை என்பது.

உன் மகள் தன் ஆசிரியையின் வாக்கியங்களைச் சேகரித்ததும் எனக்கு அனுப்பச் சொல். பேசுவதற்கு ஒரு வாரம் முன்பாவது கிடைத்தால், எதை எந்த இடத்தில் வைக்கலாம் என்று நானும் யோசித்து எழுதுகிறேன். டீச்சரும் உன்னை விசாரித்தார். ஒரு முறை அவரிடம் தொலைபேசியில் பேசிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் நண்பன்