திருப்பணி நிறைவு அறிக்கை: கலைமாலையின் வரவு செலவு

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கும்பாபிஷேகம், மண்டலாபிஷேகம் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. கோபுர வர்ணம், மடப்பள்ளித் தளம், பிராகாரக் கல் பதிப்பு ஆகிய வேலைகளின் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, அது தனியாக வரும். இது நிறைவையொட்டி நடந்த பாட்டுக் கச்சேரியும் பரதநாட்டியமும் சேர்ந்த கலைமாலையின் கணக்கு. முன்வரிசை டிக்கெட்டுக்கு 1,000 ரூபாய் எதற்கு என்று பலர் கேட்டீர்கள், அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கல்லுக்கும் சிமெண்டுக்கும் என்று ஜனங்கள் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் கச்சேரிக்கு எடுக்கக் கூடாது, விழா தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் கமிட்டி உறுதியாக இருந்தது.

மண்டப வாடகை 50,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 59,000. (மண்டபத்தில் வாய்வழியாகச் சொல்லும் தொகையில் பெரும்பாலும் வரி இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.) ஒலி, ஒளி அமைப்பு 40,000. பாடகருக்கும் பக்கவாத்தியங்களுக்கும் 50,000, பரதநாட்டியக் குழுவுக்கு 40,000. கலைஞர்களின் பயணம், சாப்பாடு, டிக்கெட் அச்சு எல்லாம் 11,000. ஆக 2,00,000. பத்துப் பேர் வந்தாலும் ஐந்நூறு பேர் வந்தாலும் இது மாறாது. ஆளுக்கு ஆள் ஏறுவது டிபன், காபிச் செலவான 50 ரூபாய் மட்டும்தான். உபயதாரர்களுக்கும் தொண்டர்களுக்கும் கொடுத்த 60 இலவச பாஸுக்கான டிபன் 3,000, அதையும் சேர்த்தால் 2,03,000.

எல்லோருக்கும் 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு டிக்கெட்டில் கைக்கு நிற்பது 250. அப்படியானால் 812 பேர் வர வேண்டும், ஆனால் மண்டபத்தில் இருப்பதே 600 இருக்கை, பாஸ் போக 540. அது நடக்காத காரியம். 500 ரூபாய் என்றால் 452 பேர் போதும், கணக்கு இடிக்காது. ஆனால் ஆறில் ஐந்து பங்கு இருக்கை விற்றாக வேண்டும், அதோடு நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 2,000 ரூபாய் ஆகிவிடும். நம் தெருக்காரர்களே வராமல் போனால் அது என்ன விழா?

அதனால் முதலில் உபயம் தேடினோம். ஓர் அன்பர் ஒலி, ஒளிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார், சுமை 1,63,000 ஆகக் குறைந்தது. அப்புறம் முன்வரிசை 100 இருக்கைகளை 1,000 ரூபாய்க்கும் மற்ற 440 இருக்கைகளை 300 ரூபாய்க்கும் வைத்தோம். முன்வரிசையில் 80 போனாலே டிபன் போக 76,000 தேறும், மீதி 87,000 ரூபாய்க்குப் பின்னால் 348 பேர் வந்தால் போதும். முன்வரிசை டிக்கெட் ஒன்று கிட்டத்தட்ட நாலு பின்வரிசை டிக்கெட்டின் சுமையைத் தாங்குகிறது, 300 ரூபாய் டிக்கெட்டை அதனால்தான் கொடுக்க முடிந்தது.

கடைசியில் முன்வரிசையில் 88, பின்னால் 351 விற்றன. டிபன் போக 1,71,350 வந்தது, செலவு போக மிச்சம் 8,350. அதைத் திருப்பணிக் கணக்கில் சேர்த்துவிட்டோம். ரசீதுகளும் டிக்கெட் அடிக்கட்டைகளும் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.