100 திர்ஹம் குறைந்த கதை

ஷார்ஜா,
செப்டம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். இந்த மாதம் 800 திர்ஹத்துக்குப் பதிலாக 700தான் அனுப்பியிருக்கிறேன். போனில் சொன்னால் ராத்திரி தூங்கமாட்டாய், அதனால் கணக்கோடு எழுதுகிறேன்.

அவர் சம்பளம் 6,000. வந்த அன்றே கவர் கவராகப் பிரித்துவிடுவேன். முதல் கவர் வாடகை, 2,000. இங்கே வருஷ வாடகைக்கு முன்கூட்டியே தேதி போட்டு நாலு செக் கொடுத்திருக்கிறோம். மூணு மாதத்துக்கு ஒருமுறை 6,000 வங்கியில் இருந்தாக வேண்டும். செக் திரும்பினால் கேஸ் வரை போகும். அதனால் அந்தப் பணம் கணக்கிலேயே கிடக்கும், கவருக்குள் தொகை எழுதிய துண்டுச்சீட்டு மட்டும். அடுத்து பள்ளிக்கூடம், கரண்ட்டும் தண்ணீரும், மளிகை, பஸ்ஸும் போனும். அப்புறம் உன் கவர். கடைசியில் அவசரத்துக்கு 200.

பணம் குறைந்தால் கடைசிக் கவரிலிருந்து மேலே ஏறி எடுப்போம். உன்னைக் கீழே வைத்தேன் என்று நினைக்காதே. பத்து நாள் தள்ளினால் பொறுத்துக்கொள்கிற ஆள் நீ ஒருத்திதான், வீட்டு ஓனர் பொறுக்கமாட்டார்.

கரண்ட்டுக்கு மாதாமாதம் 350 போடுகிறேன். குளிர்காலத்தில் பில் 200தான் வரும், மிச்சம் ஏசி ஓடும் மாதங்களுக்கு. ஆனால் மே மாதம் அந்த மிச்சத்திலிருந்து சின்னவனுக்குக் கண்ணாடி வாங்கினேன், சீட்டு எழுதி வைக்கவில்லை. ஆகஸ்ட் பில் 610. கவரைப் பிரித்தால் 410. சீட்டு இருந்திருந்தால் ஜூனிலேயே திருப்பிப் போட்டிருப்பேன்.

பில்லுக்கு 200 குறைந்தது. அவசரக் கவரில் 80 இருந்தது. உன் கவரில் 100க்கு மேல் கை வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட விதி, அதனால் 100. பாக்கி 20 மளிகையில், ஒரு வெள்ளிக்கிழமை மீன் இல்லை.

மளிகைக் கவரிலும் ஒருமுறை ஏமாந்தேன். 1,100ஐ வாரத்துக்கு 240 என்று பிரித்து, மீதி 140ஐ மாசக் கடைசி நாட்களுக்கு வைப்பேன். ஒரு மாதம் 90 மிஞ்சியதென்று சந்தோஷப்பட்டேன். கீழே மளிகைக்கடை மலையாளிச் சேட்டன் நோட்டைக் காட்டினார், நம் பெயரில் 170 கடன்! பையன் பாலும் குபூஸ் ரொட்டியும் வாங்கி எழுதச் சொல்லியிருக்கிறான். இப்போது அவனிடம் காசு கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

கரண்ட் கவருக்குள் ‘அம்மாவுக்கு 100’ என்று துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். நவம்பரில் பில் இறங்கியதும் சேர்த்து அனுப்புவேன். நீ இந்தப் பணத்தில் முதலில் சீட்டுத் தவணையைக் கட்டிவிடு. பால்காரரைப் பத்து நாள் பொறுக்கச் சொல்.

அன்புடன்,
உன் மகள்