கேனில் பால் வாங்கும் கொழும்புக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வெள்ளவத்தையில் ஒரு இனிப்புக் கடையின் பால் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. பால் கிலோவில் நிறுக்கப்பட்டு, லீற்றர் விலையில் பில் ஆகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் காசு எப்படிப் போனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வெறுங்கேனின் எடையைக் கழித்தபின் தராசு 40 கிலோ காட்டியது. பில்லிலோ 40 லீற்றர். பால் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லீற்றர் நல்ல பசும்பால் ஏறக்குறைய 1.03 கிலோ நிற்கும். 40ஐ 1.03ஆல் வகுத்தால் 38.8 லீற்றர்தான். அதாவது, கேனுக்கு ஒரு லீற்றருக்கும் மேலாக வராத பாலுக்குக் காசு கொடுத்தோம். மாதக்கணக்கில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர் திருத்துகிறேன் என்று 1.03ஆல் பெருக்கி 41.2 ஆக்கிவிட்டார். கிலோவை லீற்றராக்க வகுக்க வேண்டும். விடை எப்போதும் கிலோவைவிடச் சின்னதாகத்தான் வரும்.

கொழுப்பு கூடினால் பால் கனக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். ஒரு லீற்றர் பாற்கொழுப்பு சுமார் 930 கிராம்தான். அதனால்தான் ஆடை மேலே மிதக்கிறது. பாலைக் கனமாக்குவது அதில் கரைந்திருக்கும் சர்க்கரையும் புரதமும் உப்புகளும். ஆடையை எடுத்தால் இலேசான பங்கு போய்விடும். மிஞ்சிய பால் லீற்றருக்கு 1.034 கிலோ வரை ஏறும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், ஆனாலும் மற்றத் திடப்பொருட்களும் அதிகம் என்பதால் அதன் எடை பசும்பாலை ஒட்டியே நிற்கும்.

லீற்றர் கணக்கில் கொழுப்பால் வரும் வித்தியாசம் சின்னதுதான். 1.028 என்றால் 40 கிலோவுக்கு 38.9 லீற்றர், 1.034 என்றால் 38.7. பில்லுக்கு இரு தரப்பும் 1.03 என்று ஒத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

ஆனால் பாலின் கனத்தைக் காட்டும் பால்மானியை மட்டும் நம்பி வாங்கும் கடைகளை நினைத்தால் எனக்குக் கவலை. ஆடை எடுத்த பாலில் 100 லீற்றருக்கு 17 லீற்றர் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். ஏறிய கனம் இறங்கி 1.029க்கு வந்துவிடும். பால்மானியும் 29 என்று காட்டும், நல்ல பால் காட்டுவதைப் போலவே. தண்ணீரும் கலந்து கொழுப்பும் போன பால் அது. கொழுப்புப் பரிசோதனையில்தான் பிடிபடும்.

ஆகவே, பால்மானியில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்குப் பாலைக் கொண்டுவந்த பிறகே அளவைப் பாருங்கள்; சூடான பால் குறைத்துக் காட்டும். மாதிரி எடுக்குமுன் கேனை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். மேலாக அள்ளினால் கொழுப்பு கூடி வரும். பில்லில் கிலோ, வகுத்த எண், லீற்றர், கொழுப்பு வீதம் நான்கையும் எழுதித் தரும்படி பால் கொண்டுவருபவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை