கல்லாவில் ஏன் ஒரு நிமிடம் காக்க வைக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போனில் பணம் அனுப்பிவிட்டு நீங்கள் பச்சை டிக்கைக் காட்டினாலும், "கொஞ்சம் இருங்க, வந்துடுச்சான்னு பார்த்துடறேன்" என்று எங்கள் பையன்கள் இப்போதெல்லாம் சொல்கிறார்கள். பல வருடமாக வருகிறவர்களிடமும் இதே பேச்சுதான். சிலருக்கு மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டோம். நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு மாலை, நல்ல கூட்டம். ஒருவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு போன் திரையைக் காட்டினார். கடையின் பெயர், சரியான தொகை, 7:12 என்று நேரம், நீளமாக ஒரு ரெஃபரன்ஸ் எண் எல்லாம் இருந்தன. கல்லாவில் இருந்தவர் அதை மட்டும் நம்பவில்லை, எங்கள் கணக்கையும் திறந்து பார்த்தார். அதே தொகை 7:11க்கு வரவாகியிருந்தது. கொடுத்து அனுப்பிவிட்டார். இரவு கணக்கு முடிக்கும்போது பில் இரண்டு, வரவு ஒன்று. அந்த 7:11 வரவு, அதே பொருளைச் சற்று முன் வாங்கிப்போன வேறொருவருடையது.

திரையில் பிழை தேடுவதை அன்றோடு விட்டோம். பெயரையும் தொகையையும் தட்டினால் டிக், சத்தம் எல்லாவற்றோடும் வெற்றித் திரையைக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை மாற்றுவது அதைவிடச் சுலபம். குறுஞ்செய்தியையும் கணக்கில் எடுப்பதில்லை. வங்கி எழுதுவது போல யாரும் எழுதி அனுப்பலாம். கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் தொகையைத்தான் சொல்கிறது, யார் கொடுத்தது என்று சொல்வதில்லை.

ஆகவே எங்கள் கணக்கின் வரவுப் பட்டியலை நாங்களே புதுப்பித்துப் பார்க்கிறோம். தொகையோடு அனுப்பியவர் பெயரையும் ரெஃபரன்ஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒப்பிடுகிறோம். பொருந்தினால் அந்த நான்கு இலக்கத்தைப் பில்லில் எழுதிவிடுவோம். ஒரு வரவுக்கு ஒரு பில்தான். வீட்டில் வேறொருவர் போனிலிருந்து அனுப்பினால் அவர் பெயரைச் சொல்லுங்கள், தேடும் நேரம் மிச்சம்.

சில சமயம் உங்கள் கணக்கில் பணம் கழிந்திருக்கும், எங்களுக்கு வந்திருக்காது. அது உங்கள் தவறல்ல, பொய் சொல்கிறீர்கள் என்று நாங்கள் நினைப்பதும் இல்லை. அவசரப்பட்டு இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். முதலில் உங்கள் ஆப்பில் அதன் நிலையைப் பாருங்கள். நிலுவை என்று காட்டினால், பொருளை உங்கள் பெயர் எழுதித் தனியே எடுத்து வைக்கிறோம், வரவு விழுந்ததும் அழைக்கிறோம். தோல்வி என்று வந்தால் பணம் உங்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த ரெஃபரன்ஸ் எண்ணோடு உங்கள் வங்கியிடம் கேளுங்கள்.

வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் தம்பி வாசலிலிருந்து கல்லாவுக்குப் போன் போட்டுக் கேட்பார். அவர் போனில் எங்கள் கணக்கு தெரியாது. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்